மூலப்படத்து முகம் இழுபடாமல் இருக்க: நீட்டுவதா, வெட்டுவதா, விரிப்பதா, அளவையே மாற்றுவதா?

அம்மாவின் கைப்பேசிப் படம் ஒன்றை மூலமாகக் கொடுத்து, ஸ்டேபிள் டிஃப்யூஷனில் எண்ணெய் ஓவியம் போல ஒன்றைச் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நிறம், புடவை, வெளிச்சம் எல்லாம் நன்றாக வந்திருக்கும். வீட்டில் காட்டினால், "நல்லாத்தான் இருக்கு, ஆனா அம்மா மாதிரி இல்லையே" என்பார்கள். எது மாறியது என்று கேட்டால் யாராலும் விரல்வைத்துக் காட்ட முடியாது. உடனே பிராம்ப்டை மாற்றுவோம், மாடலை மாற்றுவோம், சீடை மாற்றுவோம். பல நேரம் குற்றம் இவை எதிலும் இல்லை. கொடுத்த படம் ஒரு வடிவம், கேட்ட அளவு இன்னொரு வடிவம். இடையில் மென்பொருள் முகத்தை அழுத்தி உள்ளே திணித்திருக்கிறது.

முகம் இரண்டு மடங்கு அகலமாகிவிட்டால் யாரும் ஏமாற மாட்டார்கள், பார்த்ததும் தெரிந்துவிடும். நான்கிலிருந்து பத்து சதவீதம் வரையிலான இழுபடல்தான் கெடுதல் செய்வது. அது கோணலாகத் தெரியாது, வேறொரு ஆளாகத் தெரியும்.

முதலில் கணக்கு

கைப்பேசியில் நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் பெரும்பாலும் 3:4. பிக்சலில் சொன்னால் 3024×4032 என்பது வழக்கமான ஓர் அளவு. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் எஸ்டிஎக்ஸ்எல் மாடலில் நெட்டுவாக்கில் படம் செய்பவர்கள் பழக்கத்தில் 832×1216 என்று போடுவார்கள். அந்த மாடல் பயிற்சி பெற்ற அளவுகளில் அதுவும் ஒன்று என்பதால் அது நியாயமான தேர்வுதான். ஆனால் இரண்டும் ஒரே வடிவம் இல்லை.

```
இழுபடல் = (வெளி அகலம் / வெளி உயரம்) ÷ (மூல அகலம் / மூல உயரம்)

(832 / 1216) ÷ (3024 / 4032) = 0.684 ÷ 0.75 = 0.912
```

விடை 1 என்றால் முகம் அப்படியே இருக்கிறது. 1-க்குக் கீழே போனால் முகம் ஒடுங்குகிறது, மேலே போனால் சப்பையாகிறது. இங்கே 0.912, அதாவது முகம் ஏறத்தாழ 9 சதவீதம் ஒடுங்கிவிட்டது. கன்னம் வற்றியது போலவும் தாடை நீண்டது போலவும் தெரியும். இதே படத்தை 896×1152-க்குள் திணித்தால் 1.037 வரும், முகம் லேசாக உப்பும். 512×512 சதுரத்தில் திணித்தால் 1.333. 1344×768 என்ற பேனர் அளவில் 2.333.

இந்தக் கணக்கை மாடலை ஓட்டுவதற்கு முன்பே போட்டுப் பார்ப்பது நல்லது. விடை 0.98-க்கும் 1.02-க்கும் இடையில் இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். அதைத் தாண்டினால் கீழே வரும் வழிகளில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும்.

மாடல் ஏன் தானாகச் சரிசெய்வதில்லை

மனித முகம் எப்படி இருக்கும் என்று மாடலுக்குத் தெரியுமே, இழுபட்டதைத் திருத்திவிடாதா என்று தோன்றும். ஓரளவு திருத்தும். அதுதான் சிக்கலே.

படத்திலிருந்து படம் செய்யும் முறையில் மூலப்படத்தின் மேல் இரைச்சலைத் தூவி, அதை மாடல் துடைத்துக்கொண்டு வருகிறது. எவ்வளவு தூவுவது என்பதை `Denoising strength` தீர்மானிக்கிறது. படத்தின் பெரிய வடிவங்கள், அதாவது தலை எங்கே, எவ்வளவு அகலம், கண்கள் எவ்வளவு தள்ளி என்பவை, துடைக்கும் வேலையின் தொடக்கத்திலேயே முடிவாகிவிடும். 0.35 போன்ற குறைந்த மதிப்பில் அந்தத் தொடக்கப் படிகளையே மாடல் செய்வதில்லை. மூலத்தில் இருந்த பெரிய வடிவத்தை அப்படியே ஏற்று, மேல்தோலை மட்டும் மாற்றுகிறது. ஆகவே ஒடுங்கிய முகம் ஒடுங்கியே ஓவியமாகிறது.

0.7-க்கு உயர்த்தினால் மாடல் முகத்தைத் திரும்ப வரையும். விகிதம் இயல்பாகிவிடும், ஆனால் அது அம்மாவின் விகிதம் அல்ல. மாடலுக்குப் பழக்கமான பொதுவான முகத்தை நோக்கிப் போய்விட்ட விகிதம் அது. "டீனாய்ஸிங்கை ஏற்றினேன், சரியாகிவிட்டது" என்று சொல்லும் இடங்களில் நடப்பது பெரும்பாலும் இதுதான். இழுபடல் போனது, கூடவே ஆளும் போய்விட்டார். அதனால் விகிதத்தை மாடலின் கைக்கு விடாமல், படம் உள்ளே போகும் முன்பே சரிசெய்ய வேண்டும்.

நீட்டித் திணிப்பது

ஆட்டோமேட்டிக்1111 இடைமுகத்தில் `img2img` பக்கத்தைத் திறந்ததும் தேர்வாகி நிற்பது `Just resize`. அளவு ஸ்லைடர்கள் 512×512-இல் நிற்கும். எதையும் தொடாமல் 3:4 படத்தைப் போட்டு ஓட்டினால் முகம் மூன்றில் ஒரு பங்கு அகலமாகும். நோடு எனும் பெட்டிகளைக் கோத்து வேலை செய்யும் கம்ஃபியூஐ இடைமுகத்தில் `Upscale Image` நோடின் `crop` பெட்டி `disabled` என்று இருந்தால் இதே கதைதான். `disabled` என்பது "வெட்டாதே" என்று பொருள்படுவதால் பாதுகாப்பானது போலத் தோன்றுகிறது. வெட்டாமல் வேறு வடிவத்துக்குள் எப்படிப் பொருத்துவது? நீட்டித்தான் ஆக வேண்டும்.

மலை, மேகம், துணி மடிப்பு போன்றவற்றுக்கு இந்த வழி தாங்கும். முகம் இருக்கும் படத்துக்கு, மேலே சொன்ன கணக்கின் விடை 1 ஆக இருந்தால் தவிர, இதை எடுக்கவே கூடாது.

வெட்டிப் பொருத்துவது

வடிவ வித்தியாசம் சிறிதாக இருக்கும்போது இதைவிட எளிய வழி இல்லை. 3024×4032 படத்தை 832×1216-இன் வடிவத்துக்குக் கொண்டுவர 2759 பிக்சல் அகலம் போதும். மொத்தம் 265 பிக்சல் போகிறது, பக்கத்துக்கு 132 அல்லது 133. நடுவில் ஆள் நிற்கும் படத்தில் அவ்வளவும் வெறும் சுவர்தான். முகம் 9 சதவீதம் ஒடுங்குவதற்கும் சுவரில் ஒரு விரல் அகலம் போவதற்கும் இடையில்தான் தேர்வு என்றால் யோசிக்கவே வேண்டாம்.

ஆட்டோமேட்டிக்1111-இல் இது `Crop and resize`. கம்ஃபியூஐயில் `crop` பெட்டியில் `center`. இரண்டுமே நடுவிலிருந்து வெட்டுபவை என்பதை மறக்கக் கூடாது. பக்கவாட்டில் வெட்டும்போது அது சரி. மேலும் கீழும் வெட்ட வேண்டி வந்தால் நடு என்பது தவறான இடம், ஏனென்றால் ஆள் படங்களில் முகம் நடுவில் இருப்பதில்லை, மேல் பாதியில் இருக்கும். இதே படத்தை 1344×768-க்கு நடுவில் வெட்டினால் 4032 பிக்சல் உயரத்தில் 1728 மட்டும் மிஞ்சும். மேலிருந்து 1152 பிக்சல் பறிபோகும். நெற்றியும் முடியும் அங்கேதான் இருக்கின்றன. பாதி நெற்றியோடு உள்ளே போன முகத்துக்கு மாடல் தானாக ஒரு தலை உச்சியைக் கற்பனை செய்து ஒட்டும்போது, முகம் குட்டையானது போல ஒரு மயக்கம் வரும். அதை இழுபடல் என்று தவறாக நினைத்துத் தேடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

ஆகவே வெட்டுவதை மென்பொருளிடம் விடாமல் முன்கூட்டியே நாமே செய்துவிடுவது நல்லது. பைத்தானில் செய்பவர்களுக்கு நான்கு வரி போதும்:

```python
from PIL import Image, ImageOps
im = ImageOps.exif_transpose(Image.open("amma.jpg")).convert("RGB")
im = ImageOps.fit(im, (832, 1216), method=Image.LANCZOS, centering=(0.5, 0.3))
im.save("ref.png")
```

`centering`-இல் இரண்டாவது எண் மேல்கீழ் வெட்டை நிர்ணயிக்கிறது. 0.5 என்றால் நடு, 0 என்றால் மேற்பகுதி முழுவதும் தப்பிக்கும். `exif_transpose` வரியை விட்டுவிட வேண்டாம். கைப்பேசிகள் பல நேரம் படத்தைப் பக்கவாட்டில் சேமித்து, "திருப்பிக் காட்டு" என்ற குறிப்பை மட்டும் உள்ளே எழுதி வைக்கின்றன. அந்தக் குறிப்பைப் படிக்காத நிரல், அகலத்தை உயரமாக எடுத்துக்கொள்ளும். அப்போது மேலே போட்ட கணக்கு முழுவதும் தலைகீழாகிவிடும்.

அளவையே மூலத்துக்கு ஏற்ப மாற்றுவது

ஓவியம் எந்த வடிவத்தில் இருந்தாலும் பரவாயில்லை என்றால் இதுதான் என் முதல் தேர்வு. 3:4 படத்துக்கு 864×1152 என்று போடுங்கள். விகிதம் துல்லியமாக 0.75. மொத்தம் 9,95,328 பிக்சல், அதாவது எஸ்டிஎக்ஸ்எல் பழகிய பத்து லட்சத்துச் சொச்சத்தில் அடங்கிவிடுகிறது. இரண்டு எண்களும் 8-ஆல் வகுபடுகின்றன. நீட்டவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம்.

எஸ்டிஎக்ஸ்எல்லுக்கென்று சொல்லப்படும் 1024×1024, 896×1152, 832×1216, 768×1344 போன்ற அளவுகளைக் கல்வெட்டு போல நினைக்கத் தேவையில்லை. மாடல் அந்த அளவுகளைச் சுற்றிப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். மொத்தப் பிக்சல் அதே அளவில் இருந்து, விகிதமும் அந்த வரிசைக்குள் அடங்கினால் இடைப்பட்ட அளவுகளிலும் நன்றாகவே வரையும். 864×1152, பட்டியலில் உள்ள 832×1216-க்கும் 896×1152-க்கும் நடுவில்தான் உட்காருகிறது. பட்டியல் அளவுக்குப் போக வேண்டும் என்று 864-ஐ 896 ஆக்குபவர்கள், உயரத்தை மாற்றாமல் விட்டால் முகத்தை 3.7 சதவீதம் உப்ப வைக்கிறார்கள். 64-இன் மடங்காகத்தான் இருக்க வேண்டும் என்ற பழைய பழக்கமும் இப்படித்தான் இழுபடலைக் கொண்டுவருகிறது. 8-இன் மடங்கு போதும், ஏனென்றால் மாடலின் உள் கட்டம் ஒவ்வொன்றும் 8 பிக்சல்.

பாஸ்போர்ட் சைஸ் படம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல பொருத்தம் உண்டு. 35×45 மில்லிமீட்டர் என்பது 7:9. 896×1152-உம் சரியாக 7:9. அந்த ஸ்கேனை அப்படியே போடலாம், ஒரு பிக்சல்கூட இழுபடாது. ஸ்கேனை மட்டும் 600 டிபிஐயில் எடுங்கள், அகலம் சுமார் 827 பிக்சல் வரும். 300-இல் எடுத்தால் 413 மட்டுமே வரும், அதை இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக்க நேரும்போது கண்ணிமையெல்லாம் கரைந்துவிடும்.

இதைக் கம்ஃபியூஐயில் செய்யும்போது கணக்குப் போடாமலே தப்பிக்க இரண்டு வசதிகள் உண்டு. `Upscale Image` நோடில் உயரத்தை 1152 என்று கொடுத்து அகலத்தை 0 என்று விட்டால், மூலத்தின் விகிதப்படி அகலத்தை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். அல்லது `ImageScaleToTotalPixels` நோடில் 1 மெகாபிக்சல் என்று கொடுத்தால் வடிவம் மாறாமல் அளவு மட்டும் மாறும். விளிம்பில் 8-ஆல் வகுபடாத சில பிக்சல் மிஞ்சினால் `VAE Encode` அவற்றை நறுக்கிவிடும், இழுக்காது. ஆட்டோமேட்டிக்1111-இல் `Resize to` தாவலுக்குப் பதில் `Resize by` தாவலுக்குப் போய் 0.3 என்று வைத்தால் இந்தப் படத்துக்கு ஏறத்தாழ இதே அளவு வரும், விகிதமும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும்.

விரித்து நிரப்புவது: பேனர் கணக்கு

இதே படத்திலிருந்து அகலமான பேனர் வேண்டும், 1344×768. இங்கே வெட்டினால் தலை போகிறது, நீட்டினால் முகம் 2.33 மடங்கு அகலமாகிறது, அளவை மாற்றவும் முடியாது. மிஞ்சியிருப்பது பக்கங்களை விரிப்பது.

ஆட்டோமேட்டிக்1111-இல் `Resize and fill` என்று ஒரு தேர்வு இருக்கிறது. பெயரைப் பார்த்து இதுதான் விடை என்று நினைக்க வேண்டாம். படத்தை விகிதம் மாறாமல் உள்ளே வைத்துவிட்டு, மிச்ச இடத்தை விளிம்புப் பிக்சல்களை இழுத்துப் பூசி நிரப்புகிறது. முகம் இழுபடாது என்பது உண்மை. ஆனால் இரு பக்கமும் கிடைக் கோடுகளாக வழிந்து கிடக்கும். அந்தக் கோடுகளைக் காட்சியாக மாற்ற டீனாய்ஸிங்கை 0.8-க்கு மேல் ஏற்ற வேண்டும். ஏற்றினால் முகமும் சேர்ந்து மாறும். ஒரே மதிப்பு முழுப் படத்துக்கும் பொருந்துவதால் வரும் முட்டுச்சந்து இது. முகத்துக்கு ஒரு மதிப்பும் பக்கங்களுக்கு இன்னொரு மதிப்பும் வேண்டும், அதற்கு எந்த இடத்தை மாற்றலாம் என்று குறித்துக் காட்டும் மாஸ்க் வேண்டும்.

கம்ஃபியூஐயில் அதைப் படிப்படியாகப் பார்ப்போம். நேரடியாக முழுப் படத்தையும் 768 உயரத்துக்குச் சுருக்கினால் 576×768 வரும். இரு பக்கமும் 384 பிக்சல் விரிக்க வேண்டும். அப்படிச் செய்தால் இரண்டு தொல்லைகள் வருகின்றன. பேனரில் 57 சதவீதம் புதிதாக வரையப்பட வேண்டிய இடமாகிறது, அவ்வளவு காலி இடத்தைக் கொடுத்தால் மாடல் அங்கே இன்னொரு ஆளை நிறுத்தும். இரண்டாவது, முகம் மிகச் சிறியதாகிறது. மூலத்தில் இரு கருவிழிகளுக்கும் இடையே 420 பிக்சல் தூரம் என்றால், இங்கே அது 80 ஆகச் சுருங்கும். ஒரு கண்ணின் அகலத்துக்கு மாடலின் உள் கட்டத்தில் ஐந்து சதுரமே கிடைக்கும். ஐந்து சதுரத்தில் யாருடைய கண்ணையும் சரியாக வரைய முடியாது. கண்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல், முகம் கோணியது போல வரும். அது விகிதக் கோளாறு அல்ல, இடம் போதாத கோளாறு. பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால்தான் இங்கே சொல்கிறேன்.

ஆகவே பாதி வெட்டு, பாதி விரிப்பு என்று போவது மேல். படத்தின் கீழிருந்து 1008 பிக்சலை வெட்டி 3024×3024 சதுரமாக்குங்கள். பேனருக்கு முழங்கை வரை தேவையில்லை. அதை 768×768 ஆகச் சுருக்குங்கள். இப்போது பக்கத்துக்கு 288 பிக்சல் விரித்தால் போதும். புதிய இடம் 43 சதவீதமாகக் குறைகிறது, கருவிழி இடைவெளி 107 பிக்சலாகக் கூடுகிறது.

`Pad Image for Outpainting` நோடில் `left` 288, `right` 288, மேலும் கீழும் 0. `feathering` 40 என்றே இருக்கட்டும். அந்த மெல்லிய கலப்பு மூலப்படத்துக்குள் 40 பிக்சல் நுழையும், முகமோ காதோ அந்த எல்லைக்குள் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு இன்பெயின்டிங் மாடல், `VAE Encode (for Inpainting)`, டீனாய்ஸிங் 1.0. மாஸ்க் பக்கங்களில் மட்டும் இருப்பதால் 1.0 என்பது முகத்தைத் தொடாது. பிராம்ப்டில் ஆளைப் பற்றி எழுதாமல் பின்னணியை மட்டும் எழுதுங்கள்: சுவர், சன்னல், தோட்டம், எதுவோ அது. "ஒரு பெண்" என்று எழுதினால் பக்கத்தில் இன்னொரு பெண் வந்து நிற்பார். அப்படியும் வந்தால், ஒரே தடவையில் 288 விரிக்காமல் 144, மறுபடி 144 என்று இரண்டு சுற்றாகச் செய்யுங்கள்.

ஒரு படி மிச்சம் இருக்கிறது, பலரும் விட்டுவிடுவது. மாஸ்க் போடாத பகுதியும், படத்தை மாடலின் உள் வடிவத்துக்குச் சுருக்கி மீண்டும் விரிக்கும் விஏஇ வழியாக ஒருமுறை போய் வந்ததால் முகத்தின் நுணுக்கங்கள் லேசாக மழுங்கியிருக்கும். `ImageCompositeMasked` நோடில் 768×768 மூலத்தை `x` 288, `y` 0 என்ற இடத்தில் மீண்டும் ஒட்டுங்கள், ஓரங்களில் மென்மையாக மறையும் மாஸ்க்கோடு. அந்த நோடில் `resize_source` என்ற பொத்தான் அணைந்தே இருக்க வேண்டும். அதை இயக்கினால் சதுர மூலத்தை 1344×768 முழுக்க இழுத்துப் போர்த்திவிடும். இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய முகம் கடைசி நோடில் சப்பையாகும்.

பேனரும் ஓவியப் பாணியில் வேண்டும் என்றால் வரிசை முக்கியம். முதலில் 864×1152-இல் முகத்தை ஓவியமாக்கிக்கொண்டு, அதில் திருப்தி வந்த பிறகு அந்த ஓவியத்தை வெட்டி விரியுங்கள்.

முகத்தை அடையாளமாக மட்டும் கொடுப்பது

புதிய தோரணை, புதிய கோணம் வேண்டும் என்றால் படத்தைக் கேன்வாஸாகக் கொடுக்காமல் அடையாளமாக மட்டும் கொடுக்கலாம். ஐபி-அடாப்டர், இன்ஸ்டன்ட்ஐடி போன்றவை இந்த வகை. வெளியே எந்த விகிதம் கேட்டாலும் மூலப்படம் நேரடியாக அதற்குள் திணிக்கப்படுவதில்லை என்பதால் இழுபடல் பிரச்சினையே இல்லை என்று பலர் நம்புகிறார்கள். கேன்வாஸில் இல்லை, உண்மைதான். ஆனால் அது வேறு வாசல் வழியாக வருகிறது.

ஐபி-அடாப்டர் பயன்படுத்தும் கிளிப் விஷன் மாடல் படத்தை 224×224 சதுரமாகத்தான் பார்க்கும். கம்ஃபியூஐயின் `CLIP Vision Encode` நோடில் `crop` `center` என்றால் நெட்டுப் படத்தின் மேல்கீழ் போகும், `none` என்றால் முழுப் படமும் சதுரமாக நசுங்கும். இரண்டையும் தவிர்க்க ஒரே வழி, முகத்தைச் சுற்றி முடியும் கழுத்தும் கொஞ்சம் சேர நாமே சதுரமாக வெட்டிக் கொடுப்பது.

இன்ஸ்டன்ட்ஐடி முகத்தைக் கண்டுபிடித்து, நேராக்கி, அடையாள எண்களாக மாற்றுகிறது. நேராக்கும் அந்தப் படியில் திருப்புவது, நகர்த்துவது, சீராகப் பெரிதாக்குவது ஆகியவை மட்டுமே நடக்கும். ஒரு திசையில் மட்டும் நசுங்கியிருப்பதை அதனால் நிமிர்த்த முடியாது. நசுங்கிய படத்தைக் கொடுத்தால் நசுங்கிய ஆளின் அடையாளத்தையே எடுத்துக்கொள்ளும். ஆகவே அளவு மாற்றாத அசல் படத்தையே இதற்குக் கொடுங்கள். கூடவே அது கண்கள், மூக்கு, வாயோரங்கள் என்ற ஐந்து புள்ளிகளைக் கட்டுப்பாட்டுப் படமாகப் பயன்படுத்துகிறது. கம்ஃபியூஐயில் அந்தப் படம் வெளி அளவோடு ஒத்துப்போகாவிட்டால் நடுவில் வெட்டப்படும். 3:4 படத்தின் புள்ளிகள் 1344×768 பேனருக்குள் வரும்போது முகம் பிரம்மாண்டமாகி, மேல் விளிம்பில் இடிக்கும். 1344×768 அளவில் ஒரு வெற்றுப் படம் எடுத்து, முகம் வேண்டிய இடத்தில் வேண்டிய அளவில், விகிதம் மாறாமல் ஒட்டி, அதை `image_kps` வாசலில் கொடுத்தால் இது தீரும்.

இது சக்தியுள்ள வழி. ஆனாலும் நினைவுப் படம், குடும்பப் படம் போன்றவற்றுக்கு இதை முதலில் எடுக்க மாட்டேன். அடையாள எண்கள் "இவர் போல" ஒருவரைத் தருகின்றன. மூலப்படத்தின் பிக்சல்கள்தான் இவரையே தருகின்றன.

நடந்தது இழுபடல்தானா என்று உறுதி செய்வது

மூலத்தில் இரு கருவிழிகளின் நடுவே உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு கண் கோட்டிலிருந்து உதடுகள் சேரும் கோடு வரை அளந்துகொள்ளுங்கள். நம் உதாரணத்தில் 420, 460 என்றால் விகிதம் 0.913. வெளிவந்த 832×1216 படத்தில் அதே அளவுகள் 116, 139 என்றால் 0.835. இரண்டையும் வகுத்தால் 0.914, கணக்கில் வந்த 0.912-க்குப் பக்கத்தில். குற்றவாளி அளவு மாற்றம்தான். வெட்டிப் பொருத்தியிருந்தால் 127, 139 என்று வந்திருக்கும். தலை திரும்பிய படங்களில் இந்த ஒப்பீடு செல்லாது, தோரணை மாறாத படத்துக்கு மட்டுமே.

முன்கூட்டியே சோதிக்க இன்னும் எளிய வழி, மூலப்படத்தின் மூலையில் ஒரு வட்டத்தை வரைந்துவிட்டு ஓட்டத்தின் நடுவில் `Preview Image` வைத்துப் பார்ப்பது. வட்டம் முட்டையானால் அந்த நோடுக்கு முன்னால்தான் எங்கோ இழுபட்டிருக்கிறது. படத்தில் வட்டக் கண்ணாடியோ பெரிய வட்டப் பொட்டோ நேர்முகமாக இருந்தால் அதுவே போதும்.

வட்டம் வட்டமாகவே இருந்து, கழுத்து மட்டும் நீண்டோ, உடல் இரண்டு அடுக்காகவோ வந்தால் நோய் வேறு. மாடலுக்குப் பழக்கமில்லாத அளவைக் கேட்டிருக்கிறீர்கள். 512×512-இல் பழகிய எஸ்டி 1.5-இடம் 512×1024 கேட்டால் இப்படித்தான் வரும். மூலப்படத்திலேயே மூக்கு பெருத்து காதுகள் ஒளிந்திருந்தால், அது கைநீட்டுத் தூரத்தில் எடுத்த செல்ஃபியின் கோளாறு. எந்த விகித அமைப்பாலும் அதைத் தீர்க்க முடியாது, கொஞ்சம் தள்ளி நின்று எடுத்த வேறு படத்தைத் தேட வேண்டும்.

படத்திலிருந்து வீடியோ செய்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. டிஃப்யூஸர்ஸ் நூலகத்தில் ஸ்டேபிள் வீடியோ டிஃப்யூஷனின் இயல்பு அளவு 1024×576. நெட்டுப் படத்தைக் கொடுத்தால் கேட்காமலே அந்த அளவுக்கு நீட்டிவிடும். கம்ஃபியூஐயில் அதே மாடலின் நோடு நீட்டாமல் நடுவில் வெட்டும். ஒரே மாடல், ஒரே படம், ஒன்றில் சப்பை முகம், இன்னொன்றில் தலை இல்லை.

ஏற்கெனவே ஒடுங்கிப்போன ஓவியம் மட்டுமே கையில் இருக்கிறது, திரும்பச் செய்ய வழியில்லை என்றாலும் ஒரு மீட்பு உண்டு. டீனாய்ஸிங் குறைவாக வைத்துச் செய்த படமாக இருந்தால் மாடல் அந்த ஒடுக்கத்தை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கும். எந்தப் பட மென்பொருளிலும் விகிதப் பூட்டை எடுத்துவிட்டு 832×1216-ஐ 912×1216 ஆக்குங்கள். 912-ஐ 1216-ஆல் வகுத்தால் 0.75, மூலத்தின் விகிதம். தூரிகைக் கோடுகள் கொஞ்சம் அகலும், முகம் தன் வடிவத்துக்குத் திரும்பிவிடும். 0.6-க்கு மேல் வைத்துச் செய்த படத்தில் இதை முயன்றால், மாடல் பாதி திருத்தி வைத்த முகம் மறுபக்கம் உப்பும். அப்போது கருவிழி, உதடு அளவுகளை எடுத்து, எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அந்த அளவுக்கு மட்டும் அகலப்படுத்துங்கள்.